காற்று புக வேண்டும், கழன்று போகக் கூடாது: வெயில் ஊருக்கு சைக்கிள் ஹெல்மெட் வாங்குவது எப்படி?

2003 மார்ச் மாதம் பிரான்சில் பாரிஸ்–நீஸ் சைக்கிள் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. கஜகஸ்தானைச் சேர்ந்த ஆந்த்ரேய் கிவிலேவ் என்ற 29 வயது வீரர் சக வீரர்களுடன் மோதிக் கீழே விழுந்தார். தலையில் ஹெல்மெட் இல்லை. மறுநாள் இறந்துபோனார். அந்த ஆண்டு மே மாதமே சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

இந்த விதியை 1991லேயே கொண்டுவரப் பார்த்தார்கள். வீரர்கள் அதே பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் வேலைநிறுத்தம் செய்து முறியடித்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானது வெப்பம். கோடை வெயிலில் மலையேறும்போது மண்டை கொதிக்கும் என்றார்கள். 2003ல் விதி வந்தபோதும் அந்தக் குரலுக்கு ஒரு சலுகை இருந்தது. பந்தயம் குறைந்தது ஐந்து கிலோமீட்டர் ஏற்றத்தில் முடிந்தால், அந்தக் கடைசி ஏற்றத்தில் ஹெல்மெட்டைக் கழற்றிவிடலாம். சில ஆண்டுகளில் அந்தச் சலுகையும் போனது. அதற்குள் ஹெல்மெட்டின் உட்புறம் வெகுவாக மாறியிருந்தது.

ஐரோப்பியக் கோடைக்கே அந்தப் பாடு என்றால், மே மாதம் சென்னையிலோ மதுரையிலோ சைக்கிள் மிதிப்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் வெயிலோடு புழுக்கமும் சேர்ந்துகொள்கிறது. காலை ஆறு மணிக்கே காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் வழிந்தபடியே இருக்கும். இந்த நிலைமையில் ஹெல்மெட் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "இதுல எத்தனை ஓட்டை இருக்கு?" என்பதுதான். கேள்வி நியாயமானது. ஆனால் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது.

முதலில், ஹெல்மெட் போட்டால் உடம்பு அதிகமாகச் சூடேறுமா என்பதைப் பார்த்துவிடலாம். 1997ல் வெளியான ஓர் ஆய்வில் 35 டிகிரி வெப்பத்தில், வறண்ட காற்றிலும் ஈரக் காற்றிலுமாக, ஒன்றரை மணி நேரம் ஆட்களை சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். ஹெல்மெட்டுடன் ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை. உடலின் உள்வெப்பத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தலையில் கூடுதல் சூடு உணர்ந்ததாகவும் அவர்கள் சொல்லவில்லை. உடம்பின் சூடு பெரும்பாலும் மற்ற தோல்பரப்பு வழியாகத்தான் வெளியேறுகிறது. தலை அதில் ஒரு சிறு பங்கு.

அப்படியானால் எல்லோரும் படும் அவதி பொய்யா? பொய்யில்லை. நெற்றியில் ஒட்டும் ஈரப் பஞ்சு, கண்ணில் இறங்கும் உப்புநீர், உச்சந்தலை அரிப்பு எல்லாம் உண்மை. இவற்றால் உடம்புக்கு ஆபத்து அதிகமில்லை. ஆபத்து வேறு வழியில் வருகிறது. எரிச்சல் தாங்காமல் ஓட்டுபவர் பின்பக்கத் திருகைத் தளர்த்துகிறார், ஹெல்மெட்டை நெற்றிக்கு மேலே தள்ளிவிடுகிறார், தாடைப் பட்டையைக் கழற்றித் தொங்கவிடுகிறார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலை நின்று பார்த்தால் இந்த மூன்றையும் காணலாம். விலை உயர்ந்த ஹெல்மெட்டுகளும் இதற்கு விலக்கில்லை. வெப்பத்துக்கு ஏற்ற ஹெல்மெட் என்பது, வெப்பத்திலும் தளர்த்தத் தோன்றாத ஹெல்மெட். தேர்வை இந்த இடத்திலிருந்து தொடங்கினால் மற்றவை ஒழுங்காக வந்து அமரும்.

ஹெல்மெட் என்ன வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், காற்றுத் துளைக்கும் பாதுகாப்புக்கும் உள்ள இழுபறி விளங்கும். வெளியே தெரியும் பளபளப்பான ஓடு மெல்லிய பாலிகார்பனேட். உள்ளே இருக்கும் வெள்ளை அல்லது கறுப்பு நிறப் பொருள்தான் உயிர்காப்பது. அது ஈ.பி.எஸ். எனப்படும் தெர்மோகோல் வகை. பொட்டலத்தில் வரும் தெர்மோகோலின் உறவுதான், ஆனால் அதைவிட அடர்த்தியாக வார்க்கப்பட்டது. மோதும் கணத்தில் அது நசுங்குகிறது. நசுங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் அந்தச் சில மில்லிமீட்டரில்தான் தலையின் வேகம் குறைகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது சைக்கிளில் அமர்ந்திருக்கும் ஒருவரின் தலை ஏறக்குறைய இருக்கும் உயரத்திலிருந்து, விழும் தலை தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 19.5 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். இந்த வேகத்தை 6 மில்லிமீட்டர் தூரத்துக்குள் சீராகக் குறைத்து நிறுத்தினால், தலை உணரும் விசை புவியீர்ப்பைப் போல 250 மடங்கு. அதையே 15 மில்லிமீட்டரில் நிறுத்தினால் 100 மடங்கு. வெறும் 9 மில்லிமீட்டர் கூடுதல் தூரத்தில் விசை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஹெல்மெட்டின் நுரை இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் தடிமனாக இருப்பதன் காரணம் இதுதான்.

மேலே சொன்ன எண்கள் கற்பனையானவை அல்ல. ஐரோப்பியத் தரமான ஈ.என். 1078 சோதனையில், ஹெல்மெட் மாட்டிய உலோகத் தலையை ஏறக்குறைய அதே ஒன்றரை மீட்டரிலிருந்து தட்டையான இரும்பின் மேல் போடுகிறார்கள். உள்ளே பதிவாகும் அதிர்ச்சி 250 மடங்கைத் தாண்டக் கூடாது. நடைபாதை விளிம்பு போன்ற கூர்மையான இரும்பின் மேல், சற்றுக் குறைந்த உயரத்திலிருந்து இன்னொரு சோதனையும் உண்டு. அமெரிக்காவின் சி.பி.எஸ்.சி. தரம் 1999 முதல் சட்டம். அதில் தட்டைத் தளத்துக்கு 2 மீட்டர் உயரம், வரம்பு 300 மடங்கு. ஒன்று உயரத்தில் கடுமை, மற்றது வரம்பில் கடுமை. இரண்டில் எது இருந்தாலும் நம்பி வாங்கலாம்.

வெயில் ஊர்க்காரர் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இந்தச் சோதனைகளுக்குள் இருக்கிறது. ஹெல்மெட்டுகளில் சிலவற்றைச் சூடான பெட்டியில் சுமார் 50 டிகிரியில் சில மணி நேரம் வைத்து, எடுத்த சூட்டோடு மோதவிடுகிறார்கள். அதிலும் தேற வேண்டும். ஆகவே சான்று பெற்ற ஹெல்மெட் நம் ஊர் நண்பகலில் சாலையில் போவதற்குத் தாங்கும். தாங்காதது எது என்றால், வெயிலில் நிறுத்தி வைத்த காரின் உட்புறம். கண்ணாடி மூடிய கார் கோடை நண்பகலில் 60 டிகிரியை எளிதில் தாண்டும், முன்கண்ணாடிக்குக் கீழே இன்னும் அதிகம். சோதனை செய்த எல்லைக்கு வெளியே அந்த நுரையைக் கொண்டுபோய் வைக்கிறோம். ஓடு நுரையிலிருந்து பிரிந்து குமிழ் குமிழாக எழும்பியிருந்தாலோ, மேற்பரப்பு அலை அலையாகத் தெரிந்தாலோ அந்த ஹெல்மெட் சூட்டில் கெட்டுவிட்டது என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய வழியில்லை.

இனி துளைகளுக்கு வருவோம். நுரையில் ஒரு துளை போட்டால் அந்த இடத்தில் மோதலைத் தாங்க ஆளில்லை. பத்து, இருபது துளை போட்டால் மீதமிருக்கும் விலா எலும்புகள் போன்ற பட்டைகள்தான் முழுச் சுமையையும் ஏற்க வேண்டும். அவை முழுதும் நசுங்கித் தீர்ந்துவிடாமல் இருக்க, தயாரிப்பாளர் நுரையை இன்னும் அடர்த்தியாக வார்க்கிறார். அடர்ந்த நுரை கடினமானது. ஒன்றரை மீட்டர் சோதனையில் அது தேறிவிடும். ஆனால் சிக்னலில் தடுமாறி விழுவது போன்ற சிறிய மோதலில் அது சரியாக நசுங்காமல், விசையை அதிகமாகத் தலைக்குக் கடத்தும். காற்றுக்கு உண்மையிலேயே ஒரு விலை உண்டு. நல்ல தயாரிப்பாளர்கள் நுரைக்குள் வலுவூட்டும் சட்டகம் பதித்து, இரண்டு அடர்த்தியில் நுரை வார்த்து அந்த விலையைக் குறைக்கிறார்கள். மலிவான ஹெல்மெட்டில் நிறைய துளைகளைப் பார்த்தால் சந்தேகப்படுவதே நல்லது.

துளைகளின் எண்ணிக்கை காற்றோட்டத்தின் அளவும் இல்லை. முன்பக்கம் நுழையும் காற்றுக்குத் தலைமேல் ஓடிப் பின்பக்கம் வெளியேற வழி வேண்டும். அந்த வழி, நுரையின் உட்புறத்தில் முன்னிருந்து பின்னாக வெட்டப்பட்ட வாய்க்கால்கள். வாய்க்கால் இல்லாத துளை வெயிலுக்குத்தான் வாசல்; முடி குறைந்தவர்களுக்கு உச்சந்தலையில் வரிவரியாகக் கறுத்துப்போவதும் அதனால்தான். ஆழமான வாய்க்காலும், முன்னால் ஐந்தாறு பெரிய வாய்களும், பின்னால் அகலமான வெளியேற்றமும் உள்ள ஹெல்மெட், இருபது சிறு துளைகள் உள்ளதைவிட நன்றாகக் காற்று வாங்கும்.

வேகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பந்தய வீரர் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சிறு வாயிலும் காற்று பீறிட்டு நுழையும். அவர்களுக்காகச் செய்யப்படும், மேற்புறம் ஏறக்குறைய மூடிய ஏரோ ஹெல்மெட்டுகள் அந்த வேகத்தை நம்பியவை. வேலைக்குப் போகிறவர் 16, 18 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை, அதிலும் பாதி நேரம் சிக்னலில் நிற்பார். அவருக்கு அது பொருந்தாது. நிற்கும்போது எந்தத் துளையும் உதவாது. வெள்ளை அல்லது வெளிர்நிற ஓடு கறுப்பைவிடக் கொஞ்சம் குறைவாகச் சூடேறும் என்பது மட்டுமே ஆறுதல்.

மேடவாக்கத்திலிருந்து தரமணிக்கு தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடைக்குக் கிளம்புமுன் தையல் டேப்பால் தலையை அளக்கிறார். புருவத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் மேலே, காதுகளுக்கு மேலாகச் சுற்றி, பின்மண்டையின் புடைப்பைத் தொட்டு வர வேண்டும். 57 சென்டிமீட்டர் வருகிறது. பல நிறுவனங்களின் நடுத்தர அளவு 55 முதல் 59 வரை, ஆகவே அவருக்கு அது சரியாக நடுவில் விழுகிறது. 59 வந்திருந்தால் இரண்டு அளவையும் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். வெப்பத்துக்குக் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும் என்று பெரிய அளவை எடுப்பது பலர் செய்வது. திருகால் இறுக்கிச் சரிக்கட்டலாம் என்று தோன்றும். ஆனால் அப்போது பின்பக்கக் கவ்வி மட்டும் தலையைப் பிடிக்கும், நுரை தலையைச் சுற்றி ஆடும்.

கடையில் அவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது ஹெல்மெட்டின் உட்புறம். அங்கே ஒரு ஒட்டுச்சீட்டு இருக்கும். ஈ.என். 1078 என்றோ சி.பி.எஸ்.சி. என்றோ தெளிவாக எழுதியிருக்கிறதா? தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கிறதா? வெறும் சி.ஈ. முத்திரை மட்டும், எண் இல்லாமல் இருந்தால் அது போதாது. நம் ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு வரும் ஐ.எஸ். 4151 என்பது மோட்டார் இருசக்கர வாகன ஹெல்மெட்டுக்கான தரம். அந்த எண் சைக்கிள் ஹெல்மெட்டில் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை; அதற்காக மோட்டார் பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மே மாதம் சைக்கிள் மிதிக்கவும் வேண்டியதில்லை. உள்ளே விரலால் அழுத்தினால் அமுங்கும் பஞ்சு மட்டுமே இருக்கிறது, கெட்டியான நுரையே இல்லை என்றால் அது ஹெல்மெட் வடிவில் உள்ள தொப்பி. கடையை விட்டு வெளியே வந்துவிடலாம்.

சீட்டு சரியாக இருந்த பிறகு தலையில் வைக்கிறார். திருகைத் திறந்து, நேராக, புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் உட்காரும்படி வைத்து, திருகை மெதுவாக இறுக்க வேண்டும். தாடைப் பட்டையை இன்னும் மாட்டக் கூடாது. இப்போது குனிந்து தலையை இடவலமாக ஆட்டினால் ஹெல்மெட் தலையோடு சேர்ந்து அசைய வேண்டும்; நெற்றித் தோலும் அதோடு நகர வேண்டும். நெற்றியிலும் பின்மண்டையிலும் அழுத்தி, பக்கவாட்டில் இடைவெளி தெரிந்தால் அவருடைய தலை நீளவாக்கு, ஹெல்மெட் வட்டவாக்கு. பொட்டில் அழுத்தி, முன்னும் பின்னும் இடைவெளி இருந்தால் நேர் எதிர். இரண்டுக்கும் திருகு மருந்தல்ல. வேறு நிறுவனத்தின் வார்ப்பைப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. கடையில் ஐந்து நிமிடத்தில் குத்தும் இடம், சாலையில் அரைமணி நேர வியர்வைக்குப் பிறகு தாங்க முடியாமல் போகும். திருகைத் தளர்த்தும் கை அப்போதுதான் மேலே போகிறது.

திருகில் பார்க்க வேண்டியது மூன்று. ஒரு கையால், ஈர விரலாலும், வண்டியில் இருந்தபடி திருப்ப முடிய வேண்டும். பிடிக்கும் கவ்வி மேலும் கீழும் நகர்ந்து, பின்மண்டைப் புடைப்புக்குக் கீழே போய் உட்கார வேண்டும். புடைப்பின் மேலேயே நின்றால் முன்னோக்கிச் சரியும். கவ்விக்கு நடுவே முடி வெளியே வர இடம் வேண்டும். நீள முடி வைத்திருப்பவர்கள் தாழ்வாகப் பின்னிக்கொள்வது நல்லது. உச்சியில் போட்ட கொண்டை ஹெல்மெட்டைத் தூக்கிவிடும், இரண்டு விரல் இடைவெளி நான்கு விரலாகிவிடும், நெற்றி வெறுமனே நிற்கும்.

பட்டைகளைப் பலர் சட்டை செய்வதில்லை, ஆனால் வெயிலில் முதலில் ஏமாற்றுவது அவைதான். காதுக்குச் சற்றுக் கீழே இரண்டு பட்டைகளும் சேர்ந்து ஆங்கில ஒய் எழுத்துப் போல இருக்க வேண்டும். தாடைக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடம் போதும். சேரும் இடத்திலுள்ள பிளாஸ்டிக் கொக்கி, கிளிக் என்று பூட்டும் வகையா, வெறுமனே சறுக்கும் வகையா என்று பாருங்கள். வியர்வையில் ஊறிய பட்டை சறுக்கும் கொக்கியில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். நைலான் நனைந்தால் நெகிழவும் செய்யும். ஒரு மாதத்தில் இரண்டு விரல் இடைவெளி நான்காகிவிடும், போட்டிருப்பவருக்கே தெரியாது. தரச் சோதனையில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு: ஹெல்மெட்டின் விளிம்பில் ஒரு கொக்கியை மாட்டி, அமெரிக்க முறையில் 4 கிலோ எடையை 60 சென்டிமீட்டர் விழவிட்டு இழுப்பார்கள். தலையிலிருந்து கழன்று வரக் கூடாது. அந்தச் சோதனையில் தேறியது இறுக்கமாக மாட்டிய ஹெல்மெட். தளர்ந்த பட்டையோடு தொங்குவதற்கு அந்தச் சான்று பொருந்தாது.

மேடவாக்கத்துக்காரர் இப்போது இரண்டு ஹெல்மெட்டுகளுக்கு வந்து நிற்கிறார். இரண்டும் சான்று பெற்றவை, இரண்டும் பொருந்துகின்றன. இங்கேதான் காற்றுக் கேள்வி. ஹெல்மெட்டைக் கவிழ்த்து வாய்க்கால்களைப் பார்க்கட்டும். முன்வாய் வழியே பார்த்தால் பின்வாயின் வெளிச்சம் தெரிகிறதா? நெற்றிப் பஞ்சு முன்வாய்களை அடைத்துக்கொண்டு நிற்கிறதா, அல்லது புருவத்துக்கு மேலே காற்று நுழையச் சிறு இடைவெளி விட்டிருக்கிறதா? கடையில் நின்றசுழலும் மின்விசிறி ஒன்று நிச்சயம் இருக்கும். அதன் முன்னால் சற்றே தலைகுனிந்து, ஓட்டும் நிலையில் நின்றால் உச்சிக்குப் பின்னாலும் காற்று படுவது தெரிய வேண்டும். நெற்றியில் மட்டும் பட்டு நின்றுவிட்டால் அது அலங்காரத் துளை.

மிப்ஸ் என்ற சொல்லைக் கடைக்காரர் சொல்வார். சுவீடனில் நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரும் பொறியியல் ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கியது அது. விழும்போது தலை நேராக மோதுவது அபூர்வம், சாய்வாகத்தான் மோதும். அப்போது தலை திடீரென்று சுழலும், அந்தச் சுழற்சி மூளையைப் பாதிக்கும். நுரைக்கும் தலைக்கும் நடுவே வழுக்கும் மெல்லிய தகடு 10, 15 மில்லிமீட்டர் நகர்ந்து அந்தச் சுழற்சியில் கொஞ்சத்தை உறிஞ்சுகிறது. மேலே சொன்ன இரு தரங்களின் செங்குத்துச் சோதனைகள் இதை அளப்பதில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வகம் 2018 முதல் சாய்வான தளத்தில் மோதவிட்டு, ஹெல்மெட்டுகளுக்கு நட்சத்திர மதிப்பீடு வெளியிடுகிறது. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். விலைக்கும் மதிப்பெண்ணுக்கும் நேரடித் தொடர்பில்லை என்பதை அந்தப் பட்டியலே காட்டும். வாங்க நினைக்கும் மாடல் அதில் இருந்தால் மதிப்பெண் குறைவாக உள்ளதே மேல், அங்கே எண் குறையக் குறையப் பாதுகாப்பு அதிகம். வெயில் ஊருக்கு ஒரு எச்சரிக்கை: சில மாடல்களில் மிப்ஸ் தகடு காற்று வாய்களைப் பாதி மறைத்து நிற்கும். தகட்டின் துளைகள் நுரையின் துளைகளோடு ஒத்துப் போகின்றனவா என்று உள்ளிருந்து பார்த்து வாங்க வேண்டும்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உட்பஞ்சுகளை வாரம் ஒரு முறை கழற்றி, மிதமான சோப்பில் அலசி நிழலில் உலர்த்தினால் உப்பும் எண்ணெயும் நீங்கும். பெட்ரோல், தின்னர், பெயிண்ட் எதுவும் நுரையில் படக் கூடாது, அவை பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். வியர்வைக்கு உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி போடலாம், ஆனால் அதைப் போட்டபடியே திருகைச் சரிசெய்ய வேண்டும். மடித்த துண்டு வேண்டாம். ஒரு முறை பலமாக மோதிய ஹெல்மெட்டை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். நசுங்கிய நுரை திரும்ப எழாது. விபத்தே இல்லாவிட்டாலும் ஐந்து முதல் பத்து ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது சி.பி.எஸ்.சி. தினமும் வெயிலிலும் வியர்வையிலும் கிடப்பதற்கு ஐந்தையே வரம்பாக வைத்துக்கொள்வது நல்லது.

ஏற்கெனவே ஹெல்மெட் வைத்திருப்பவர்கள் நாளைக் காலை கிளம்புமுன் இரண்டு காரியம் செய்துவிடுங்கள்: உட்புறச் சீட்டில் உள்ள ஆண்டைப் படியுங்கள், பட்டையை மாட்டாமல் தலையை ஒரு முறை ஆட்டிப் பாருங்கள்.